படத்தின் வெளிச்சத்தை முடிவுசெய்யும் மூன்று எண்கள்

படம் எடுப்பதற்கு முன்பே கேமராவின் திரையில் மூன்று எண்கள் தெரியும்: 1/125, f/8, ISO 200 என்பதைப் போல. முதலாவது ஷட்டர் வேகம். சென்சாரின் மேல் ஒளி எவ்வளவு நேரம் விழும் என்பதை அது சொல்கிறது. இரண்டாவது அப்பர்ச்சர். லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதை அது குறிக்கிறது. மூன்றாவது ஐஎஸ்ஓ எனப்படும் உணர்திறன் எண். விழுந்த ஒளியைப் படத்தில் எவ்வளவு வெளிச்சமாகக் காட்டுவது என்பதை அது தீர்மானிக்கிறது. காட்சியில் இருக்கும் வெளிச்சத்தோடு இந்த மூன்றும் சேர்ந்துதான் ஒரு படம் வெளுத்துப்போவதும் இருண்டுபோவதும் சரியாக அமைவதும் முடிவாகின்றன.

மூன்றில் எதை மாற்றினாலும் படத்தின் வெளிச்சம் மாறும். அதனால் மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று புதிதாகக் கேமரா பிடிப்பவர்கள் எண்ணிக்கொள்வதுண்டு. உண்மையில், ஷட்டரும் அப்பர்ச்சரும் மட்டுமே சென்சாருக்கு ஒளியைக் கொண்டுவருகின்றன. ஐஎஸ்ஓ ஒரு துளி ஒளியைக்கூடக் கூடுதலாகக் கொண்டுவருவதில்லை. வந்த ஒளியைப் பெரிதாக்கிக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும் இரண்டு படங்களில் ஒன்று தெளிவாகவும் மற்றொன்று மணல் தூவியதுபோலவும் இருப்பதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

ஷட்டர்: ஒளி விழும் நேரம்

ஷட்டர் என்பது சென்சாருக்கு முன்னால் இருக்கும் மறைப்பு. பெரும்பாலான டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்களில் இது இரண்டு திரைகளாக அமைந்திருக்கும். பட்டனை அழுத்தியதும் முதல் திரை விலகி, சென்சாரின் மேல் ஒளி விழத் தொடங்கும். குறித்த நேரம் ஆனதும் இரண்டாவது திரை அதே திசையில் நகர்ந்து ஒளியை மறைக்கும். செல்போனில் இந்தத் திரைகள் இல்லை. அங்கே சென்சார் ஒளியைச் சேர்க்கத் தொடங்கும் கணமும் நிறுத்தும் கணமும் மின்னணு முறையில் கட்டுப்படுத்தப்படுகின்றன.

ஷட்டர் வேகங்கள் 1 வினாடி, 1/2, 1/4, 1/8, 1/15, 1/30, 1/60, 1/125, 1/250, 1/500, 1/1000 என்று வரிசையாகச் செல்லும். ஒவ்வொரு படியிலும் நேரம் பாதியாகிறது. 8-க்குப் பின் 16 வராமல் 15 வருவதும், 60-க்குப் பின் 120 வராமல் 125 வருவதும் எண்களை எளிதாக்கச் செய்த சிறு திருத்தங்கள். கணக்குக்கு அவை இடைஞ்சல் இல்லை. 1/125 வினாடியில் விழும் ஒளியைப்போல் இரு மடங்கு 1/60 வினாடியில் விழும். பாதி நேரத்தில் இரு மடங்கு வலுவான ஒளி விழுந்தாலும், விளைவு அதேதான் என்பதை ஜெர்மானிய வேதியியலாளர் ராபர்ட் புன்சனும் ஆங்கிலேயர் ஹென்றி ராஸ்கோவும் 1862-இல் விதியாக வகுத்தார்கள். ஒளியின் வலுவையும் நேரத்தையும் பெருக்கி வருவதுதான் கணக்கு என்பது அந்த விதி. ஃபிலிமில் மிக நீண்ட நேரப் பதிவுகளின்போது இந்த விதி பிசகும். டிஜிட்டல் சென்சாரில் பிசகுவதில்லை.

ஷட்டர் வேகம் வெளிச்சத்தோடு அசைவையும் ஆள்கிறது. ஒரு நடனமணியின் கை வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1/60 வினாடிக்குள் அந்தக் கை 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் விரல்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரு கறையாகத் தெரியும். 1/125-இல் நகர்வு 2.4 சென்டிமீட்டர். 1/500-இல் அது 6 மில்லிமீட்டராகச் சுருங்கி, முத்திரை அடையாளம் தெரியும்படி நிற்கும். காட்சி அசையாவிட்டாலும் கேமராவைப் பிடித்திருக்கும் கை அசையும். அதனால் கையில் பிடித்து எடுக்கும்போது லென்ஸின் குவிய நீளம் எத்தனை மில்லிமீட்டரோ, அத்தனையில் ஒரு பங்கு வினாடிக்குக் கீழே போகக்கூடாது என்பது புகைப்படக்காரர்களின் பழைய கணக்கு. 50 மி.மீ. லென்ஸுக்கு 1/60, 200 மி.மீ. லென்ஸுக்கு 1/250. லென்ஸிலோ கேமராவிலோ உள்ள அதிர்வுத் தடுப்பு இந்த எல்லையைத் தளர்த்தும். ஆனால் அது கேமராவின் ஆட்டத்தை மட்டுமே சரிசெய்யும், எதிரில் இருப்பவரின் அசைவை நிறுத்தாது.

அப்பர்ச்சர்: ஒளி நுழையும் துளை

லென்ஸுக்குள் மெல்லிய தகடுகள் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவை விரிந்தும் குவிந்தும் நடுவில் உள்ள துளையைப் பெரிதாக்கும், சிறிதாக்கும். இந்தத் துளையின் அளவை மில்லிமீட்டரில் சொல்லாமல், லென்ஸின் குவிய நீளத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வரும் எண்ணாகச் சொல்வதுதான் வழக்கம். 50 மி.மீ. லென்ஸில் துளையின் விட்டம் 25 மி.மீ. என்றால் அது f/2. விட்டம் 12.5 மி.மீ. ஆனால் f/4. எண் பெரிதாக ஆகத் துளை சிறிதாகும் என்பது முதலில் குழப்பும். வகுக்கும் எண் பெரிதானால் ஈவு சிறிதாகும் என்ற பள்ளிக்கூடக் கணக்கை நினைத்துக்கொண்டால் குழப்பம் நீங்கும்.

இப்படி வகுத்துச் சொல்வதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. 100 மி.மீ. லென்ஸில் f/4 என்றால் துளையின் விட்டம் 25 மி.மீ. 50 மி.மீ. லென்ஸில் அதே f/4-க்கு 12.5 மி.மீ.தான். நீண்ட லென்ஸின் துளை பரப்பளவில் நான்கு மடங்கு பெரியது. ஆனால் அந்த லென்ஸ் பொருளை இரு மடங்கு உயரமாகவும் இரு மடங்கு அகலமாகவும் காட்டுவதால், வந்த ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவிவிடுகிறது. கடைசியில் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியிலும் விழும் ஒளி இரண்டிலும் ஒன்றுதான். எந்த லென்ஸை மாட்டினாலும் f/4 என்றால் ஒரே வெளிச்சம் என்று நம்பிக் கணக்குப் போட முடிவது இதனால்தான். கண்ணாடிகளே கொஞ்சம் ஒளியை விழுங்கிவிடுவதால் லென்ஸுக்கு லென்ஸ் சிறு வேறுபாடு இருக்கும். சினிமாவில் காட்சிக்குக் காட்சி வெளிச்சம் மாறக்கூடாது என்பதால், அங்கே அந்த இழப்பையும் கணக்கில் சேர்த்த வேறோர் அளவு பயன்படுகிறது.

அப்பர்ச்சர் எண்களின் வரிசை 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22. இந்த வரிசை ஏன் நேராக இரட்டிக்காமல் இப்படி ஏறுகிறது என்பதற்கு வட்டத்தின் பரப்பளவே காரணம். விட்டம் பாதியானால் பரப்பளவு பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும். பரப்பளவைச் சரியாகப் பாதியாக்க, விட்டத்தை 2-இன் வர்க்கமூலமான 1.414-ஆல் வகுக்க வேண்டும். வரிசையில் உள்ள ஒவ்வோர் எண்ணும் முந்தையதை 1.4-ஆல் பெருக்கி வந்ததே. ஆகவே f/2-இலிருந்து f/2.8-க்குப் போனால் ஒளி பாதியாகும். f/4-க்குப் போனால் கால் பங்காகும்.

அப்பர்ச்சருக்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. அது காட்சியில் எவ்வளவு ஆழம் தெளிவாக விழும் என்பதை மாற்றுகிறது. 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள, ஃபுல் ஃபிரேம் எனப்படும் சென்சாரில், 50 மி.மீ. லென்ஸ் வைத்து 2 மீட்டர் தொலைவில் இருப்பவரை f/2-இல் எடுத்தால் முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் ஆழமே தெளிவாக இருக்கும். f/8-இல் அது 80 சென்டிமீட்டர் அளவுக்கு விரியும். துளையைச் சுருக்கிக்கொண்டே போனால் தெளிவு கூடிக்கொண்டே போகும் என்றும் சொல்ல முடியாது. சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால், f/16-க்கு அப்பால் படம் முழுவதுமே சற்று மழுங்கத் தொடங்கும்.

ஸ்டாப்: மூன்றுக்கும் பொதுவான அளவு

ஒளியை இரு மடங்காக்கும் அல்லது பாதியாக்கும் ஒரு படியைப் புகைப்படக்காரர்கள் ஒரு ஸ்டாப் என்கிறார்கள். 1/125-இலிருந்து 1/250-க்குப் போவது ஒரு ஸ்டாப் குறைப்பு. f/8-இலிருந்து f/5.6-க்குப் போவது ஒரு ஸ்டாப் கூடுதல். ஐஎஸ்ஓ 100-இலிருந்து 200-க்குப் போவதும் ஒரு ஸ்டாப் கூடுதல். ஒன்றில் இழந்ததை இன்னொன்றில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பதுதான் இந்தப் பொது அளவின் பயன். 1/125, f/8 என்று எடுத்த படமும், 1/250, f/5.6 என்று எடுத்த படமும், 1/500, f/4 என்று எடுத்த படமும் ஒரே வெளிச்சத்தில் அமையும். முதல் படத்தில் ஆழத் தெளிவு அதிகம். மூன்றாவதில் அசைவு நன்றாக உறையும். சென்சாரில் விழுந்த ஒளியின் அளவு மூன்றிலும் ஒன்றே.

இன்றைய கேமராக்களில் சக்கரத்தை ஒரு சொடுக்குச் சுழற்றினால் பெரும்பாலும் மாறுவது ஒரு முழு ஸ்டாப் அல்ல, அதில் மூன்றில் ஒரு பங்கு. 1/125-க்கும் 1/250-க்கும் நடுவில் 1/160, 1/200 என்ற எண்கள் தெரிவது அதனால்தான். மூன்று சொடுக்குகள் ஒரு ஸ்டாப் என்று விரல்களுக்குப் பழகிவிட்டால், திரையைப் பார்க்காமலே ஈடுகட்டிவிடலாம்.

ஐஎஸ்ஓ: வந்த ஒளியைப் பெரிதாக்குவது

ஃபிலிம் காலத்தில் உணர்திறன் என்பது ஃபிலிமோடு வந்த குணம். அமெரிக்காவில் ஏஎஸ்ஏ என்றும் ஜெர்மனியில் டிஐஎன் என்றும் இரு வேறு அளவுகள் புழக்கத்தில் இருந்தன. 1974-இல் அவை ஐஎஸ்ஓ என்ற ஒரே சர்வதேச அளவாக இணைக்கப்பட்டன. 400 ஃபிலிமில் உள்ள வெள்ளி உப்பின் துகள்கள் 100 ஃபிலிமில் இருப்பவற்றைவிடப் பெரியவை. குறைந்த ஒளியிலேயே அவை பதிவாகிவிடும். ஆனால் படத்தைப் பெரிதாக்கினால் அந்தத் துகள்கள் கண்ணுக்குத் தெரியும்.

டிஜிட்டல் கேமராவில் நடப்பது வேறு. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும், தன்மேல் விழும் ஒளித்துகள்களை எலக்ட்ரான்களாக மாற்றிச் சேர்த்துவைக்கும். ஷட்டர் மூடியதும் அந்தச் சேமிப்பு மின்னழுத்தமாக அளக்கப்பட்டு, எண்ணாக மாற்றப்படும். ஐஎஸ்ஓ-வை ஏற்றும்போது சென்சாரின் புள்ளிகள் முன்னைவிட அதிக ஒளித்துகள்களைப் பிடிப்பதில்லை. பிடித்தவற்றின் கணக்கைக் கேமரா பெருக்கிக் காட்டுகிறது. மெல்லிய குரலில் பேசுபவருக்காக மைக் செட்டின் ஒலியைக் கூட்டினால் பேச்சோடு சேர்ந்து இரைச்சலும் பெரிதாகக் கேட்பது போன்றதே இது. படத்தில் தோன்றும் இந்தப் புள்ளிப்புள்ளியான கலங்கலைப் புகைப்படக்காரர்கள் நாய்ஸ் என்றே அழைக்கிறார்கள்.

நாய்ஸின் பெரும்பகுதி கேமராவின் குறைபாட்டால் வருவதில்லை, ஒளியின் இயல்பால் வருகிறது. ஒளித்துகள்கள் சீராக வந்து விழுவதில்லை. ஒரே வெளிச்சமுள்ள சுவரைப் படமெடுத்தாலும் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்குக் கிடைக்கும் எண்ணிக்கை கூடியும் குறைந்தும் இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வு, சராசரி எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும் என்பது இயற்பியல் விதி. ஐஎஸ்ஓ 100-இல் எடுத்த படத்தில் ஒரு புள்ளி சராசரியாக 6,400 எலக்ட்ரான்களைச் சேர்த்தது என்று வைத்துக்கொண்டால், ஏற்றத்தாழ்வு 80. அதாவது எண்பதில் ஒரு பங்கு. கண்ணுக்கு அது தெரியாது. அதே காட்சியை ஐஎஸ்ஓ 6400-இல், அதற்கேற்ப 64-இல் ஒரு பங்கு ஒளியில் எடுத்தால், அந்தப் புள்ளிக்குக் கிடைப்பது 100 எலக்ட்ரான்கள். ஏற்றத்தாழ்வு 10, பத்தில் ஒரு பங்கு. இரண்டு படங்களும் சராசரியில் ஒரே வெளிச்சம்தான். இரண்டாவதில் சுவர் சொரசொரப்பாகத் தெரியும்.

எனவே நாய்ஸுக்குக் காரணம் உயர்ந்த ஐஎஸ்ஓ என்று சொல்வதைவிட, குறைந்த ஒளி என்று சொல்வதே சரி. குறைந்த ஒளியில் எடுத்துப் பெரிதாக்கியதால்தான் அது வெளியே தெரிகிறது. குறைந்த ஐஎஸ்ஓ-வில் இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் வெளிச்சத்தை ஏற்றினாலும் அதே நாய்ஸ் வந்து நிற்கும். சில கேமராக்களில், சென்சாரைப் படிக்கும் மின்சுற்றின் சொந்த இரைச்சலும் சேர்ந்து, இன்னும் மோசமாகவே தெரியும்.

ஐஎஸ்ஓ-வை ஏற்றுவதற்கு இன்னொரு விலையும் உண்டு. கேமரா காட்டக்கூடிய உச்ச அளவு ஒன்றுதான். கணக்கைப் பெருக்கப் பெருக்க, பிரகாசமான இடங்கள் அந்த உச்சத்தை விரைவிலேயே தொட்டுவிடும். அதைத் தாண்டிய எல்லாம் வெறும் வெள்ளையாகவே பதிவாகும். இருட்டான பகுதியை ஓரளவு பின்னால் மீட்டெடுக்கலாம். வெள்ளையாகிப் போன பகுதியில் மீட்டெடுக்க எதுவும் இருப்பதில்லை.

வெயிலிலிருந்து நடன மேடைக்கு

மூன்று எண்களும் ஒன்றோடொன்று எப்படிப் பேரம் பேசுகின்றன என்பதை ஒரு பரதநாட்டிய நிகழ்ச்சியை வைத்துப் பார்க்கலாம். தொடங்கும் இடம் வெயில். மேகமில்லாத பகல் வெயிலில் f/16 வைத்து, ஐஎஸ்ஓ எண் எதுவோ அதில் ஒரு பங்கு வினாடி ஷட்டர் வைத்தால் படம் சரியாக அமையும் என்பது ஃபிலிம் காலத்திலிருந்து வரும் விதி. ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 வினாடி. பக்கத்தில் உள்ள வழக்கமான எண் 1/125. ஒளிமானி இல்லாத கேமராக்களோடு பல தலைமுறைப் புகைப்படக்காரர்கள் இந்த விதியை நம்பியே படமெடுத்தார்கள்.

மாலையில் அரங்கத்துக்குள் விளக்குகள் நன்றாக அமைந்த மேடையில் இருக்கும் வெளிச்சம், வெயிலைவிட 7 ஸ்டாப் குறைவு என்று எடுத்துக்கொள்வோம். கண் இருட்டுக்குப் பழகிக்கொள்வதால் மேடை பளிச்சென்று தோன்றும். உண்மையில் அங்கே இருப்பது வெயிலின் 128-இல் ஒரு பங்கு. 1/125, f/16, ஐஎஸ்ஓ 100 என்ற அமைப்பிலிருந்து எங்காவது 7 ஸ்டாப்பைத் தேடியாக வேண்டும்.

முதலில் அப்பர்ச்சர். f/2.8 வரை திறக்கும் ஜூம் லென்ஸ் கையில் இருந்தால் 16, 11, 8, 5.6, 4, 2.8 என்று இறங்கும்போது 5 ஸ்டாப் கிடைக்கும். மீதி 2 ஸ்டாப்புக்கு ஐஎஸ்ஓ-வை 400 ஆக்கினால் கணக்கு முடிந்தது: 1/125, f/2.8, ISO 400. நடனமணி அரைமண்டியில் நின்றிருக்கும்போது இது போதும். ஆனால் அடவுகள் வேகமெடுத்தால் 1/125-இல் கைகள் கலங்கிவிடும். 1/500 தேவைப்படும். அங்கே 2 ஸ்டாப் இழப்பு. அப்பர்ச்சரை இனித் திறக்க வழியில்லை. ஐஎஸ்ஓ 1600 ஆகிறது.

இப்போது கேமராவோடு வந்த சாதாரண ஜூம் லென்ஸ் மட்டுமே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய லென்ஸ்கள் பெரும்பாலும் முழுதாக இழுத்த நிலையில் f/5.6-க்கு மேல் திறப்பதில்லை. f/2.8-ஓடு ஒப்பிட்டால் இன்னும் 2 ஸ்டாப் இழப்பு. ஐஎஸ்ஓ 6400-க்குப் போகவேண்டும். சென்சாருக்கு வரும் ஒளி ஐஎஸ்ஓ 100-க்குத் தேவையானதில் 64-இல் ஒரு பங்கு. மேலே கணக்கிட்ட சொரசொரப்பு இங்கேதான் வந்து சேர்கிறது.

இதிலிருந்து வெளியேற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 50 மி.மீ. லென்ஸ். விலை குறைந்த 50 மி.மீ. லென்ஸ்களில் f/1.8 வரை திறப்பவை பரவலாகக் கிடைக்கின்றன. f/2 வைத்தாலே f/5.6-ஐவிட 3 ஸ்டாப் லாபம். ஐஎஸ்ஓ 6400 என்பது 800-ஆக இறங்கிவிடும். இவ்வளவு திறந்தால் தெளிவின் ஆழம் போய்விடுமே என்ற கவலை எழும். ஆனால் ஆழம் தொலைவைப் பொறுத்தது. மேடையிலிருந்து 8 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு, ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ. f/2-இல் ஏறக்குறைய 3 மீட்டர் ஆழம் தெளிவாகக் கிடைக்கும். நடனமணி ஓரடி முன்னால் வந்தாலும் கெடாது. நடனமணி படத்தில் சிறிதாகத் தெரிவார் என்பதே இங்கே உள்ள குறை.

இரண்டாவது வழி, கணத்தைத் தேர்ந்தெடுப்பது. ஜதிக்கோவையின் தீர்மானம் முடியும் இடத்தில் நடனமணி ஒரு நிலையில் வந்து நிற்பார். தாளம் தெரிந்த புகைப்படக்காரர் அதை முன்கூட்டியே அறிந்து, அந்த நொடியில் 1/125-இல் எடுத்துவிடுவார். 2 ஸ்டாப் ஒளி கூடுதலாகக் கிடைக்கும். 6400 என்பது 1600 ஆகும்.

ஒளிமானி ஏமாறும் இடங்கள்

எண்களைத் தானே அமைக்கும் கேமரா, வெளிச்சத்தை எப்படி அளக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். காட்சியில் இருப்பது வெள்ளை வேட்டியா கருப்புத் திரையா என்பது கேமராவின் ஒளிமானிக்குத் தெரியாது. திரும்பி வரும் ஒளியை மட்டுமே அது அளக்கிறது. உலகத்தின் சராசரி, விழும் ஒளியில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்ற அனுமானத்தில், எதைக் கண்டாலும் அதைச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும்.

ஆகவே நடன மேடையில் பின்னால் கருப்புத் திரை பரந்து கிடக்க, நடுவில் சிறிய உருவமாக நடனமணி நிற்கும்போது, கேமரா கருப்பைச் சாம்பலாக்க முயலும். ஒளியை ஏற்றும். திரை வெளிறி, முகம் வெள்ளையடித்ததுபோல் ஆகிவிடும். இங்கே எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்ற திருத்தத்தை −1 அல்லது −2-க்கு இறக்க வேண்டும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைச் சேலையில் நிற்பவரை எடுக்கும்போது நேர் எதிரானது நடக்கும். வெள்ளையெல்லாம் மங்கிச் சாம்பலாகும். அங்கே +1 அல்லது அதற்கும் சற்று மேலே ஏற்ற வேண்டும். விளக்கு மாறாத மேடையில் M நிலைக்குச் சென்று மூன்று எண்களையும் நிறுத்திவைப்பது இன்னும் நல்லது. அப்போது நடனமணியின் உடை நிறமோ அவர் நிற்கும் இடமோ கணக்கைக் குலைக்காது. ஐஎஸ்ஓ-வை மட்டும் தானியங்கியில் விட்டுவைத்தால் M நிலையிலும் ஒளிமானியே ஆளும் என்பதை மறந்துவிடக்கூடாது.

படம் சரியாக விழுந்ததா என்பதைத் திரையைப் பார்த்து முடிவுசெய்வது ஆபத்து. இருட்டான அரங்கத்தில் திரை பளபளவென்று தெரியும், வெயிலில் மங்கித் தெரியும். ஹிஸ்டோகிராம் எனப்படும் வரைபடம் இந்த மயக்கத்துக்கு ஆட்படுவதில்லை. அது படத்தின் இருண்ட புள்ளிகளை இடது பக்கமும் வெளிச்சப் புள்ளிகளை வலது பக்கமும் அடுக்கிக் காட்டும். வலது விளிம்பில் சுவர்போல் முட்டி நின்றால், அந்தப் பகுதிகளில் விவரம் போய்விட்டது என்று பொருள். சிவப்பு எல்இடி விளக்கின் கீழ் சிவப்புப் பட்டுச் சேலையை எடுக்கும்போது, மொத்த வரைபடம் நன்றாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் உச்சத்தைத் தொட்டு, மடிப்புகளும் சரிகையும் ஒரே சிவப்புக் கட்டியாகிவிடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி வரைபடம் காட்டும் கேமராக்களில் இதைக் கண்டுபிடித்து, ஒரு ஸ்டாப் குறைத்து மறுபடி எடுக்கலாம்.

செயற்கை விளக்குகளில் இன்னொரு சிக்கல் உண்டு. இந்தியாவில் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி ஓடுகிறது. அதில் எரியும் டியூப்லைட்டும் பல எல்இடி விளக்குகளும் வினாடிக்கு 100 முறை கூடிக்குறையும். கண் இதை உணராது. ஆனால் 1/500 வினாடியில் எடுக்கும் கேமரா, அந்த ஏற்ற இறக்கத்தின் ஒரு துண்டை மட்டுமே பிடிக்கிறது. எந்த எண்ணையும் மாற்றாமல் அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று பிரகாசமாகவும் அடுத்தது மங்கலாகவும் வந்தால், அல்லது படத்தின் குறுக்கே பட்டைகள் விழுந்தால், காரணம் இதுதான். 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒரு முழு ஏற்ற இறக்கமோ இரண்டோ படத்துக்குள் அடங்கி வெளிச்சம் சீராகிவிடும்.

செல்போனில் மூன்றாவது எண் எங்கே?

பெரும்பாலான செல்போன் கேமராக்களில் அப்பர்ச்சரை மாற்ற முடியாது. துளை எப்போதும் ஒரே அளவில் திறந்தே இருக்கும். மாறக்கூடியவை ஷட்டர் வேகமும் ஐஎஸ்ஓ-வும் மட்டும். பகலில் ஷட்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்கும் கீழே போய் ஒளியைக் குறைக்கிறது. இரவில் ஐஎஸ்ஓ ஏறுகிறது. செல்போனின் f எண் சிறியதாக இருந்தாலும் அதன் சென்சார் மிகச் சிறியது. அதனால் மொத்தமாகச் சேரும் ஒளி குறைவு, நாய்ஸ் அதிகம். இதை ஈடுகட்டவே இரவு நிலையில் செல்போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காண்கிறது. சில வினாடிகளில் சேர்ந்த ஒளி முழுவதும் ஒரே படத்துக்குள் வந்துவிடும். அசையாத கட்டடத்துக்கு இது அருமையாக வேலை செய்யும். ஓடும் குழந்தைக்குச் செய்யாது.

கேமரா எதுவானாலும் மூன்று எண்களையும் முடிவுசெய்யும் வரிசை ஒன்றுதான். முதலில் காட்சி கேட்பதைக் கொடுக்க வேண்டும். அசைவு முக்கியம் என்றால் அதற்கேற்ற ஷட்டர் வேகம், ஆழத் தெளிவு முக்கியம் என்றால் அதற்கேற்ற அப்பர்ச்சர். அடுத்து, மிஞ்சிய மற்றொன்றை எவ்வளவு ஒளி தருமோ அவ்வளவுக்குத் திறக்க வேண்டும். இவை இரண்டும் சேர்ந்தும் ஒளி போதாமல் எத்தனை ஸ்டாப் மீதி நிற்கிறதோ, அத்தனைக்கு மட்டும் ஐஎஸ்ஓ-வை ஏற்ற வேண்டும். மங்கிய ஒளியில் ஐஎஸ்ஓ-வுக்கு அஞ்சி ஷட்டரைத் தாழ்த்தினால் அசைந்த படம்தான் மிஞ்சும். நாய்ஸைக் கணினியில் ஓரளவு குறைக்கலாம், அசைந்துபோன முகத்தைப் பெரும்பாலும் சரிசெய்ய முடியாது. வெயிலில் இதே வரிசை எளிதாக முடிந்துவிடும். ஐஎஸ்ஓ தன் மிகக் குறைந்த எண்ணிலேயே நிற்கும், ஷட்டரும் அப்பர்ச்சரும் தங்களுக்குள் ஸ்டாப்புகளைப் பங்கிட்டுக்கொள்ளும்.